அவசரமென்றால் சூப்பரின்டெண்டெண்ட்

ஆம்பூரில் ஒரு கல்லூரி ஆசிரியர் எங்கே போயிருக்கிறார் என்பதை மறைக்க முடியாது. காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர் டீ குடிப்பதைப் பார்த்தவர் யாராவது மாணவனின் மாமாவாக இருப்பார். அந்த மாமா வேலை பார்க்கும் டேனரியில் ஷிப்ட் முடிவதற்குள் சேதி பேர்ணாம்பட்டைத் தொட்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில், எந்த முகாமில் எந்தப் பாடம் திருத்துகிறேன் என்று மெயிலில் தானியங்கிப் பதில் வேறு போட்டு வைக்கிறவரை என்னவென்று சொல்வது?

போட்டார் ஒருவர். மறுநாள் மாலை அவர் வீட்டு வாசலில் ஒரு அப்பா, கையில் சீரகச் சம்பா மணக்கும் பொட்டலம். "சார், நம்ம பையன் பேப்பர் உங்க கைக்குத்தான் வரும்னு சொன்னாங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

பாவம், அவருக்கு யார் சொல்வது? விடைத்தாள் எங்களிடம் வரும்போது பதிவெண் இருக்காது. அந்த இடத்தில் டம்மி நம்பர் ஒன்றுதான் இருக்கும். சொந்தத் தம்பி எழுதியிருந்தாலும் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே திருத்துவோமே தவிர, ஆளைக் கண்டுபிடிக்க மாட்டோம். இதைப் பொறுமையாக விளக்கிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார் நண்பர். வீட்டுக்குள் இருந்தவர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே, பதிலில் 'தேர்வுப் பணி' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். பாடம், முகாம் எதுவும் மாணவனுக்குத் தேவையில்லை. அவனுக்குத் தேவை, தன் காரியத்துக்கு யாரைப் பார்ப்பது என்பதுதான்.

அங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 'அவசரமெனில் துறைத் தலைவரை அணுகவும்' என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். துறைத் தலைவர் அதே பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் வந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்குத் தேர்வும் ஒரே நேரம், திருத்தலும் ஒரே நேரம். ஆர்டர் வந்தால் துறையே காலியாகும். இவர் பதில் அவரைக் காட்டும், அவர் பதில் இவரைக் காட்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பையன் போனாஃபைடு சர்டிபிகேட் கேட்டு அலைவான்.

அதனால் திருத்தலுக்குப் போகவே முடியாதவரைத்தான் எழுத வேண்டும். அப்படிப்பட்டவர் கல்லூரியில் அலுவலகச் சூப்பரின்டெண்டெண்ட் ஒருவர்தான். கல்விக் கடனுக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ போனாஃபைடு வேண்டுமென்றால் கையெழுத்து முதல்வருடையது, ஆனால் தாள் நகர்வது இவர் மேசையிலிருந்து. ஷூ கம்பெனியில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பேங்க்குக்கு வந்து நிற்கும் அம்மாவுக்கு, என்னைவிட அவர்தான் முக்கியம். அகமதிப்பெண் தகராறு என்றால் துறையில் ஊரோடு இருக்கப்போகும் ஒருவரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால், "எனக்கு யாரும் சொல்லலையேப்பா" என்பார், கதை முடிந்தது. மறுமதிப்பீட்டுக்கு யாரையும் பார்க்க வேண்டாம். ரிசல்ட் வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பமே.

என் பதில் இவ்வளவுதான்:

"தேர்வுப் பணியில் இருக்கிறேன். மாலையில்தான் மெயில் பார்ப்பேன். போனாஃபைடு, டி.சி., ஸ்காலர்ஷிப்: அலுவலகச் சூப்பரின்டெண்டெண்ட், காலை பத்து மணிக்கு மேல், ஐ.டி. கார்டுடன். அகமதிப்பெண், வருகைப்பதிவு: உங்கள் வகுப்பு ஆசிரியர். அவரிடம் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், எனக்கும் தெரியாது."

கடைசி வரி கொஞ்சம் கடுமைதான். அது பொட்டலங்களுக்காக.

எல்லாவற்றையும் முதல் பதிலிலேயே சொல்லிவிட வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜிமெயிலின் Vacation responder ஒரே ஆளுக்கு மறுபடி மறுபடி பதில் போடாது. நான்கு நாள் கழித்து அவன் திரும்ப எழுதினால்தான் இன்னொரு தடவை போகும். எங்கள் பிள்ளைகளோ முதல் மெயிலில் "குட் மார்னிங் சார்" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். விஷயம் இரண்டாவது மெயிலில், மறுநாள் வரும். அதற்குப் பதிலே போகாது. குட் மார்னிங்குக்குப் போன பதிலிலேயே சூப்பரின்டெண்டெண்ட் இருந்தாக வேண்டும்.

இந்தப் பதிலை அமைக்கும் பக்கத்தில் Last day என்றொரு பெட்டி இருக்கிறது. தேதி போட்டால் அன்று நள்ளிரவோடு பதில் தானாக நின்றுவிடும். பொட்டலம் வந்த அதே நண்பர் இந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஜூலையில் கல்லூரி திறந்து, வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று முதல்வர் அவருக்கு மெயில் போட்டிருக்கிறார். அடுத்த நொடியே பதில் வந்திருக்கிறது: தேர்வுப் பணியில் இருக்கிறேன், அவசரமெனில் முதல்வரை அணுகவும்.