நாலு 'மிகவும்' ஏத்தின தோணி

வா மனே, இரி. போட்டிக்கு நீ எழுதின கட்டுரையை உன்ட அம்மா கொண்டுவந்து காட்டினா. முதல் பந்தி வாசிச்சு முடியவே எனக்கு மூச்சு வாங்கிட்டு:

"மிகவும் அழகான, அமைதியான, பரந்து விரிந்த மட்டக்களப்பு வாவியிலே வயதான ஏழை மீனவர் ஒருவர் மிகவும் மெதுவாகச் சென்று, மிகவும் திறமையாக வலையை வீசினார். பாடும் மீன்கள் மிகவும் இனிமையாகப் பாடின."

ஆர் மனே அந்த ஏழை? அண்டைக்குக் கல்லடிப் பாலத்தடியில வலை வீசினது நானெல்லோ! என்ட கடன் கொப்பியை நீ எப்ப பார்த்த?

சரி, அதை விடு. அழகு, அமைதி, பரந்து விரிந்தது எண்டு மூண்டை அடுக்கியிருக்காய். இதே மூண்டையும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் ஒட்டலாம். 'வாவி அசையாமல் கிடந்தது' எண்டால் மூண்டும் தேவையில்ல.

மறுகா, 'திறமையாக வீசினார்'. அது நீ எனக்குத் தந்த சர்டிபிக்கேட். வாசிக்கிறவன் அதில வலையைக் காணமாட்டான். நான் செஞ்சது என்ன? கம்பை ஊண்டித் தோணியை நிப்பாட்டினன். வலை விளிம்பைப் பல்லால கவ்வினன். முன்பல் ரெண்டும் போனதால கடைவாயால. கிறுகி நிண்டு எறிஞ்சன். வலை விரிஞ்சு தண்ணியை அறைஞ்சுது. இதை அப்பிடியே எழுது. திறமையா இல்லையா எண்டு வாசிக்கிறவன் சொல்லட்டும்.

மீன் 'இனிமையாகப்' பாடினதை நீ கேட்டியா? கேட்டிருந்தால் இனிமை எண்டு எழுதியிருக்கமாட்டாய். எமர்சன் டெனன்ட் எண்ட வெள்ளைக்காரர் 1848இல ராவில தோணியில போய்க் கேட்டவர். 1859இல வந்த புத்தகத்தில, கிளாஸ் விளிம்பை ஈரவிரலால தேய்க்கிற மாதிரிச் சத்தம் எண்டும், தோணிப் பலகையில காதை வைச்சால் அது கூடுது எண்டும் எழுதினார். தேய்க்கிறதும் காதை வைக்கிறதும்தான் அங்க வேலை செய்யுது. ஆனா 'ஈர' எண்ட சொல்லில கத்தி வைச்சிராத. காய்ஞ்ச விரலுக்குக் கிளாஸ் பாடாது.

அதுக்காக எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, 'கிழவர் வந்தார். வீசினார். போனார்' எண்டு பொலிஸ் முறைப்பாடு எழுதிக்கொண்டு வராத. 'மெதுவாகச் சென்றார்' வேண்டாம். கம்பு ஊண்டிப் போற தோணி வேற எப்பிடிப் போகும்? ஆனா 'வலையை மெதுவாக இழுத்தார்' எண்டால் அது நிக்கட்டும். அவசரப்பட்டு இழுத்தால் ஈயக்குண்டு தரையை விட்டு எழும்பும். மீன் அதுக்குக் கீழால நழுவிப் போயிரும். அந்த 'மெதுவாக'வுக்குள்ள ஒரு நாள் கறி கிடக்கு.

என்னகா, அதுக்குள்ள திருத்திப்போட்டியா? தா பாப்பம். ம்ம்... ஊண்டினார், கவ்வினார், எறிந்தார், அறைந்தது. நல்லம். இந்தா, கடைசி வரியில ஒரு 'மிகவும்' கண்டல் வேருக்குள்ள நண்டு மாதிரிப் பதுங்கிக் கிடக்கு. கையை விட்டு நீயே இழு. கடிச்சால் என்னைக் கேக்காத.