இடாப்பு இல்லாத ரீச்சரும் ஐந்து பூனைக்குட்டிகளும்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட தொடர்மாடிகளில், ஓய்வூதியம் பெறும் தமிழ் ரீச்சர் என்றொரு வகையினர் வாழ்கின்றனர். முப்பது ஆண்டுகள் இடாப்புக் கூப்பிட்டுப் பழகிய நாவுக்கு இளைப்பாறுதல் வயது என்று ஒன்று இல்லாமையால், மாடிப்படியின் கீழ் ஊர்ப்பூனை ஒன்று ஈன்ற செய்தி கேட்டதும் இவர்களுக்கு மீண்டும் ஒரு வகுப்பறை கிடைத்துவிடுகிறது. ஓர் ஈற்றில், அதாவது ஒரே பேற்றில், ஐந்து குட்டிகள் பிறந்துவிட்டால் ரீச்சருக்கு உவகை பொங்கும். ஏனெனில் தமிழில் ஐந்து ஐந்தாக வகுக்கப்பட்டவை ஏராளம்.

பெயர் சூட்டுகையில் முதலில் வருவோர் பாண்டவர். அந்தப் பட்டியல் ஒரு கிழமைகூட நிலைப்பதில்லை; கறுப்பும் செவலையும் வெள்ளையும் கலந்த மூவண்ணக் குட்டிக்கு வீமன் எனப் பெயரிட்ட ரீச்சரிடம், மூவண்ணப் பூனை ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும் என்பதை மிருக வைத்தியர் எடுத்துரைக்க நேர்கிறது. செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் எனப்படும் பால் நிறமூர்த்தத்தில் இருப்பதால், கறுப்பும் செவலையும் ஒரே உடலில் தோன்ற இரண்டு எக்ஸ் வேண்டும். ஆணுக்கு வழக்கமாக இருப்பது ஒன்றே.

அடுத்து ஐந்திணை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பெயர் சூட்டி முடிந்த அன்று மாலையே, "இஞ்சாருங்கோ, அந்தப் பாலைக் கொஞ்சம் எடுத்து வாங்கோ" என்று ரீச்சர் கணவரிடம் சொல்ல, அவர் பால் கிண்ணத்தை விட்டுவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். அன்றியும், முல்லையும் பாலையும் ஒரே ஒலியில் முடிவதால், சமையலறையிலிருந்து கூப்பிடும்போது வால்பகுதி மட்டுமே எட்டும் செவிக்கு இரண்டும் ஒன்றே.

இத்தனை முயற்சியும் வெறும் ஆசை அன்று என்பதை ரீச்சர் சார்பாகச் சொல்ல வேண்டும். நான்கு கிழமை அளவில் குட்டிகள் தாய்ப்பாலோடு மசித்த மீனையும் நக்கத் தொடங்குகின்றன. ஒரே தட்டில் வைத்தால் பருத்தது நடுவில் காலை ஊன்றி நிற்க, நோஞ்சான் விளிம்பிலேயே தள்ளப்படுகிறது. அந்த வயதில் ஒரு குட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் ஏற வேண்டும். சமையலறைத் தராசில் இரண்டு நாள் ஏற்றமே இல்லையென்றால் அது பசியோடு கிடக்கிறது, அல்லது நோயுற்றிருக்கிறது என்று கொள்ளலாம். எனவே, யார் தின்றது, யார் தின்னவில்லை என்று கணக்கு வைக்கப் பெயர் தேவை.

ஆனால் ரீச்சர் அத்தோடு நிற்பதில்லை. பெயரைக் கேட்டு உரியது மட்டும் எழுந்து வர வேண்டும் என்கிறார். ஜப்பானில் சைட்டோ அட்சுகோவும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனைகள் தம் பெயரைப் பிற சொற்களிலிருந்து பிரித்தறிந்தன. உடன் வாழும் பூனைகளின் பெயர்களிலிருந்தும் பிரித்தறிந்தன. வாடிக்கையாளர் பூனைகளோடு பொழுதுபோக்கும் ஒரு சிற்றுண்டிச்சாலையில் வாழ்ந்த பூனைகளோ, தம் பெயருக்கும் கூட்டாளியின் பெயருக்கும் வேறுபாடு காட்டவில்லை. எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் எல்லாவற்றுக்கும் தீனி கிடைத்தால், ஐந்து பெயர்களும் பூனையின் செவியில் 'சோறு' என்னும் ஒரே பொருளையே தரும் என்பது இதற்குப் பொருத்தமான விளக்கம். ரீச்சரின் மாடிப்படியில் நடப்பதும் அதுவே: மருதத்தைக் கூப்பிட, ஐந்திணையும் திரண்டு வருகின்றன.

கடைசியில் நிலைத்த பட்டியலில் இலக்கியம் இல்லை. பெயர்கள் முதலெழுத்தில் வேறுபட வேண்டும் என்பதும், காணும் அடையாளம் மாறாததாக இருக்க வேண்டும் என்பதும் மட்டுமே விதிகள். இதனால்தான், நீலக் கண்ணைப் பார்த்து வைத்த நீலா என்னும் பெயர் விலக்கப்பட்டது; குட்டிகளின் நீலம் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் மாறத் தொடங்கிவிடும். கறுத்தது காக்கா, செவலை செம்பன், மூவண்ணம் பூந்தி, ஒரே அச்சில் வார்த்த இரண்டு வரிக்குட்டிகளில், வால்நுனி வெளுத்தது டூடூ, மற்றதான நோஞ்சானுக்கு மட்டும், இருப்பதிலேயே நீண்ட பெயராக, வீரசிங்கம்.

ஐந்து தட்டுகள் ஐந்து மூலைகளில் வைக்கப்படுகின்றன. தட்டு தரையைத் தொடும் கணத்தில் அதற்குரிய பெயர் மட்டும், ஒருமுறை மட்டும், சொல்லப்படுகிறது. வீரசிங்கத்தின் தட்டு முதலில். மேல்மாடியில் அதே பெயருடைய பெரியவர் ஒருவர் மாலை ஆறு மணிக்குப் படிக்கட்டில் எட்டிப் பார்ப்பது இந்த முறையின் ஒரே குறை.

எட்டுக் கிழமை கடந்து குட்டிகள் கொட்டாஞ்சேனைக்கும் தெகிவளைக்கும் வளர்ப்புக்குப் போகின்றன. கொண்டுபோனவர்கள் அன்றிரவே எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.