ஒம்பதா, அம்பதா?

அடுத்தவர் சொன்னதை அப்படியே எழுத என்ன பெரிய திறமை வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் ஒருவர் ஒரு சேனலுக்கு அளித்த ஒரு மணி நேரப் பேட்டி அந்த நினைப்புக்கு முடிவு கட்டியது.

இப்போதெல்லாம் வீடியோவின் முகப்பிலேயே காரமான துண்டுகளை வெட்டி முன்னோட்டமாக ஒட்டிவிடுகிறார்கள். அதில் 0:38-இல், "ஏரியைத் தூர் வாரவே இல்ல" என்றார் தலைவர். செய்திக்குத் தலைப்பே கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் மேற்கோள் குறி போட்டு, நேரத்தையும் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். "முழுசா கேட்டீங்களா சார்?" என்றார் உதவி ஆசிரியர். கேட்காதவன் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

31:12-இல் இருந்தது முழுப் பேச்சு. "ஏரியைத் தூர் வாரவே இல்லன்னு ஊர்ல பேசிக்கிறாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாரின மண்ணைக் கரையிலயே கொட்டிட்டாங்க, மழைக்கு மறுபடி உள்ளே போயிடுச்சு." அந்த 'ன்னு'வுக்குச் சற்று முன்னால் கத்தரி விழுந்திருந்தது. தமிழில் சொன்னவர் யார், ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்பதெல்லாம் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில்தான் வரும். வாலை விட்டால் பொருளே தலைகீழ். அன்றிலிருந்து, கேட்ட கேள்வியில் தொடங்கி, பதில் முடிந்து அரை நிமிடம் வரை கேட்காமல் எதையும் மேற்கோளாக்குவதில்லை.

அதே பதிலில் இன்னொரு குழி. எத்தனை லோடு மண் வெளியே போனது? காற்று இரைச்சலில் என் காதுக்கு 'அம்பது' என்று விழுந்தது. பெரிய எண் என்பதால் மனதுக்கும் பிடித்துப்போனது. வேகத்தை 0.75-க்குக் குறைத்தேன், சந்தேகம் வந்தது. 0.25-இல் தலைவர் குகைக்குள்ளிருந்து முனகினார். அவ்வளவு இழுத்தால் உயிரெழுத்து எதுவும் தேறாது. கடைசியில் ஒலியை அணைத்து, வீடியோவை நிறுத்தி, யூடியூபில் `,` `.` விசைகளால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். உதடு குவிந்தது. 'அ'வுக்கு உதடு குவியாது, 'ஒ'வுக்குத்தான் குவியும். தொலைபேசியிலும் கேட்டேன். "ஒம்பதுதான் தம்பி. அம்பது லோடு போயிருந்தா நான் எதுக்குப் பேட்டி குடுக்குறேன்?"

இத்தனை பாடுபட்டு, இணைப்பில் `t=3112` என்று போட்டு அனுப்பினேன். யூடியூப் அதை வினாடியாக எண்ணும். 31:12 என்றால் 31 பெருக்கல் 60, கூட்டல் 12, அதாவது `t=1872`. நான் கொடுத்த எண் 51:52-க்குப் போனது. ஆதாரம் பார்க்க அழுத்தியவர்கள் தலைவர் மோர் குடிப்பதைக் கண்டார்கள்.

செய்தியில் நேரக்குறிப்பைப் பார்த்தால் தயவுசெய்து அழுத்திப் பாருங்கள், அரை நிமிடம் முன்னால் போய்க் கேளுங்கள். மோர் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.