காவலூருக்கு ஒரு மின்னஞ்சல்

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு கல்லூரி மின்னஞ்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முதல் பத்தி கல்லூரியின் பெருமை. இரண்டாவதில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் பெருமை, அதுவும் அதை வைத்திருப்பவர்களுக்கே! மூன்றாவதின் கடைசி வரியில்தான் ‘வரலாமா?’ தலைகாட்டும், தேதியை மட்டும் காணோம். ஐந்து வாக்கியம் போதும்: “பிப்ரவரி 14, சனிக்கிழமை மாலை 40 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் வர அனுமதி வேண்டும். மேகம் மூடினால் 21ஆம் தேதி வரலாமா? ஒரு பேருந்து நிறுத்த இடம் தேவை. 7ஆம் தேதிக்குள் பதில் வந்தால் வண்டியை உறுதிசெய்துவிடுவோம். பொறுப்பாசிரியரின் கைபேசி எண் கீழே உள்ளது.”

இவ்வளவு சுருக்கினால் மரியாதை போய்விடாதா என்பார்கள். மேலே ‘ஐயா, வணக்கம்’, கீழே ‘நன்றி’ இருக்கின்றன. மரியாதைக்கு அது போதும், மிச்சமெல்லாம் மாலை மரியாதை. எதை வெட்டலாம் என்று தெரிய ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். வாசிப்பவர் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தால் அது இருக்க வேண்டிய வரி. வெட்டும் வேகத்தில் முதலில் போவது மேக வரிதான், ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று. ஆலங்காயம் வழியாக மலையேறி, மேகத்தைப் பார்த்துத் திரும்பும் பேருந்துக்கும் வாடகை உண்டு.