கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தவன்

மூடப்பட்ட சமூக வலைத்தளங்களிலிருந்து நான் மீட்க நினைத்தது எதுவும் கைக்கு வந்ததில்லை. அழிக்க நினைத்தது எதுவும் அழிந்ததில்லை. இரண்டிலும் ஒருசேரத் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

மீட்க நினைத்தது சில புகைப்படங்கள். நாமகிரிப்பேட்டைக்காரன் எதைப் படம் எடுப்பான்? மஞ்சளைத்தான். செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டை மூட்டையாகப் போகும் ஊர் இது. 2008-ல் தோட்டத்தில் மஞ்சள் வேக வைத்த அன்று, இரவல் கேமராவில் எடுத்தேன். கொப்பரையிலிருந்து ஆவி கிளம்ப, அப்பத்தா ஒரு விரலியை எடுத்து, வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கிற படம் அதில் ஒன்று. முகத்தில் பாதியை ஆவி மறைத்திருக்கும். ஆர்குட்டில் ஆல்பமாகப் போட்டுவிட்டு, கேமராவை மெமரி கார்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதான் ஆர்குட்டில் இருக்கிறதே!

அழிக்க நினைத்தது ஒரு பதிவு. ஆர்குட்டில் நாதஸ்வரத்துக்கென்று ஒரு கம்யூனிட்டியில் இருந்தேன். பெரியவர் ஒருவர் ஒலித்துண்டு ஒன்றைப் போட்டு, வாசித்தது யார் என்று கேட்டிருந்தார். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் தன் பெயரில் தாங்கிய மண்ணில் பிறந்தவன் நான் சும்மா இருக்கலாமா? "சந்தேகமே வேண்டாம், எங்கள் ஊர்க்காரர்தான். எங்கள் ஊர்க் காற்று அந்தச் சீவாளியில் கேட்கிறது" என்று எழுதினேன். "தம்பி, அது கத்ரி கோபால்நாத். சாக்ஸபோன்" என்று பதில் வந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். சாக்ஸபோனே நாதஸ்வரத்தைப் பார்த்துத்தான் செய்யப்பட்டது என்கிற ரீதியில், முழுப்பெயரோடு, பத்தி பத்தியாக வாதாடி வைத்தேன்.

2004 ஜனவரியில் தொடங்கிய ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடுவதாக, மூன்று மாதம் முன்பே கூகுள் அறிவித்தது. அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. சுயவிவரம், ஸ்க்ராப், படங்கள் முதலியவற்றை கூகுள் டேக்அவுட் வழியாக 2016 செப்டம்பர் வரை இறக்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. பொதுக் கம்யூனிட்டிகளில் எழுதப்பட்டவை ஆவணக் காப்பகமாகத் தொடர்ந்து இணையத்தில் இருக்கும், அதில் தன் பெயரும் எழுத்தும் வேண்டாம் என்பவர்கள் மூடுவிழாவுக்கு முன்பே தங்கள் கணக்கிலிருந்து ஆர்குட்டை நிரந்தரமாக நீக்கிவிட வேண்டும் என்பது மற்றொன்று.

அதாவது, எடுப்பதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம். அழிப்பதற்கு வெறும் மூன்று மாதம். இரண்டும் வேண்டும் என்பவன் முதலில் இறக்கிக்கொண்டு, சரிபார்த்து, பிறகு நீக்கி, எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். முறை மாறி முதலில் நீக்கினால் படங்களும் சேர்ந்து போய்விடும். நான் முதல் செய்தியை மட்டும் படித்தேன். 2016 என்று இருந்தது. அடேயப்பா, இன்னும் இரண்டு வருடம் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 30 கடந்தது. என் சாக்ஸபோன் ஆராய்ச்சி காப்பகத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஆர்குட் உயிரோடு இருந்தபோதாவது உள்ளே நுழையக் கணக்கு வேண்டும். orkut.google.com என்ற முகவரியில் இருந்த காப்பகத்தில் அதுவும் தேவைப்படவில்லை, எவரும் படிக்கலாம். ராசிபுரத்தில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்த சமயம், வருங்கால மச்சான் ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "மாப்ள, நாதஸ்வரத்தப் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாருங்க. அது நீங்கதானுங்களா?" என்றார். வேறு யாரோ என்று சொல்ல முடியாதபடி ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தேன். எங்கள் கல்யாணத்தில் நாதஸ்வரம்தான் வைத்தார்கள். வித்வான் வாசிக்க ஆரம்பித்ததும் மச்சான் என் காதருகே குனிந்து, "இது எதுங்க மாப்ள?" என்றார்.

2017 மே மாதத்தோடு அந்தக் காப்பகமும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் பொதுவெளியில் திறந்து கிடக்கும் பக்கங்களை வேபேக் மெஷின் தன் போக்கில் நகலெடுத்து வைக்கும். அதில் என் பழைய சுயவிவரத்தைத் தேடினேன், இல்லை. இதற்குக் காரணம் உண்டு. உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களுக்குள் வேபேக் மெஷினால் போக முடியாது. போதாக்குறைக்கு, பிற்கால ஆர்குட் முகவரிகள் www.orkut.com/Main#Profile என்கிற தினுசில் இருந்தன. முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்குப் போவதே இல்லை. நம் உலாவியோடு நின்றுவிடும். ஆகவே வெளியிலிருந்து நகலெடுப்பவருக்கு எல்லார் வீடும் Main என்ற ஒரே கதவுதான். காப்பகப் பக்கங்கள் அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. web.archive.org/web/*/orkut.google.com/* என்று போட்டுத் துழாவினேன். அப்பத்தா இல்லை. சாக்ஸபோன் இருந்தது.

நீக்கச் சொல்லி info@archive.org என்ற முகவரிக்குப் பக்கத்தின் முழு முகவரியோடு எழுதலாம். கோரிக்கையை அவர்கள் பரிசீலிப்பார்கள். நீக்கியே தீருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. அந்தப் பெரியவர் தன்னிடமிருந்த கேசட்டுகளை ராகவாரியாக எழுதியிருப்பதும் அதே பக்கத்தில்தான். என் அவமானத்தோடு சேர்ந்து அவருடைய பட்டியலும் போகும்.

இனி படங்களின் கதை. 2016-ல் கெடு முடியும் தறுவாயில் டேக்அவுட்டில் விண்ணப்பித்து, வந்த ஸிப் கோப்பை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கப் போட்டுவிட்டுத் தூங்கினேன். விடிந்ததும் ஃபோல்டரில் கோப்பின் பெயர் தெரிந்தது. பென் டிரைவில் போட்டு பீரோவில் பூட்டினேன். திறந்து பார்க்கவில்லை. சில வருடம் கழித்துத் திறந்தபோது, End-of-central-directory signature not found என்றது.

ஸிப் கோப்பின் பொருளடக்கம் முன்பக்கத்தில் இருக்காது, கடைசியில் இருக்கும். நடுவில் கரண்ட் போய் இறக்கம் அறுந்தால், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று சொல்லும் வால் பகுதிதான் முதலில் இல்லாமல் போகும். பெயர் இருக்கும், கணிசமான எடையும் இருக்கும், திறக்காது. இறக்கிய அன்றே சோதித்திருந்தால் மறுபடி இறக்கியிருக்கலாம். சோதிக்க லினக்ஸில் முதல் வரி. அறுந்த கோப்பில் முழுதாக வந்து சேர்ந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுக்க இரண்டாவது வரி.

```
unzip -t orkut.zip
zip -FF orkut.zip --out meetpu.zip
```

இரண்டாவதை ஓட்டினேன். ஸ்க்ராப்புகள் மீண்டு வந்தன. "ஹாய்", "சாப்டாச்சா", "ஏன் பாஸ் ரிப்ளை பண்ணல", நிறுத்தற்குறிகளாலேயே வரைந்த ரோஜாப்பூ. என்னை 'கூல்' என்று ஐஸ்கட்டி கொடுத்து மெச்சியவர்கள் யாரும் இப்போது என் போனை எடுப்பதில்லை. படங்கள் இருந்த பகுதி, அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம்.

போனால் போகட்டும், இன்னொரு பிரதி இருந்தது. ஆர்குட் மூடுமுன் ஆல்பத்தை நேராக கூகுள் பிளஸுக்கு மாற்றும் வசதி இருந்ததைப் பயன்படுத்தியிருந்தேன். என் வாழ்க்கையில் முன்யோசனையோடு செய்த காரியம் அது ஒன்றுதான். 2018 அக்டோபரில், கூகுள் பிளஸும் 2019 ஆகஸ்டில் மூடப்படும் என்று செய்தி வந்தது. இந்த முறை ஏமாறக் கூடாது என்று அடுத்த வருட மாதக் காலண்டரில் ஜூலைத் தாளை மடக்கி வைத்தேன். டிசம்பரில், தளத்தில் புதிதாக ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்ததால் மூடும் மாதத்தை ஏப்ரலுக்கு முன்னால் இழுத்தார்கள். அந்தச் செய்தியை நான் பார்க்கவில்லை. 2019 ஏப்ரல் 2 முதல் கணக்குகளை மூடி, கூகுள் பிளஸ் ஆல்பங்களில் இருந்தவற்றை அழிக்கத் தொடங்கினார்கள். கூகுள் போட்டோஸில் சேமித்தவர்களுக்குப் பாதிப்பில்லை. நான் சேமிக்கவில்லை. ஜூலைத் தாள் மடங்கியபடியே இருந்தது.

மூடுகிறவர்கள் சொல்கிற தேதி தள்ளிப் போகலாம், முந்தியும் வரலாம். கைமாறும் தளங்களிலும் இதே கதைதான். 2009-ல் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் வாங்கிய ஃப்ரெண்ட்ஸ்டர், 2011 மே மாத முடிவில் பழைய படங்களையும் செய்திகளையும் கைவிட்டு விளையாட்டுத் தளமாக மாறியது. பெயர் அதேதான், பெட்டகம் காலி. 2022-ல் orkut.com மறுபடி திறந்தபோது நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தளத்தை உருவாக்கிய ஆர்குட் புயுக்கோக்டென் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. புதிதாக ஏதோ கட்டுகிறாராம். பழைய ஸ்க்ராப் ஒன்றுகூட இல்லை.

ஒரு வழியில் மட்டும் கொஞ்சம் பலன் கிடைத்தது. தளம் செத்தாலும் அது நமக்கு அனுப்பிய அறிவிப்பு மின்னஞ்சல்கள் நம் பெட்டியில் சாகாமல் கிடக்கும். ஜிமெயில் தேடல் கட்டத்தில் from:orkut.com என்று அடித்தால், அழிக்காமல் விட்டவை வரிசையாக எழுந்து வரும். எனக்கு வந்தவற்றில், அப்பத்தா படத்துக்குக் கீழே கல்லூரித் தோழன் எழுதிய ஒரு வரி இருந்தது: "பாட்டி கையில என்ன, பேனாவா?"

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அங்கிருந்து 18 மாதம். ஆனால், தரவை முழுசாகக் கையில் வாங்கி வேறிடத்துக்கு எடுத்துப் போகும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. சட்டமானபோது காணாமல் போய்விட்டது. சட்டப்படி கேட்டால் சுருக்கம்தான் தருவார்கள். அப்பத்தாவின் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இன்னொன்று, குறைந்தது 2 கோடிப் பயனர் உள்ள சமூக ஊடகங்களில் 3 வருடம் எட்டிப் பார்க்காதவரின் தரவை, 48 மணி நேரம் முன்பு தகவல் சொல்லிவிட்டு அழிக்க வேண்டும் என்கின்றன விதிகள். மூன்று மாத அறிவிப்பையே படிக்காதவனுக்கு 48 மணி நேரம் எம்மாத்திரம்?

அந்த ஆல்பம் என் நண்பர்கள் எல்லாருக்கும் திறந்திருந்தது. 2008 வாக்கில் யாராவது அதைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருக்கலாம். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தேடிப் பாருங்கள். கொப்பரை, ஆவி, ஈர்க்குச்சியோடு ஒரு பாட்டி. கிடைத்தால் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள், தபால் செலவு என்னுடையது.