மொட்டை மாடி எதிரணி

ரேஷன் கார்டிலேயே என் மனைவிதான் குடும்பத் தலைவி. எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே பதவி, பள்ளி ஹாக்கி அணியில் தடுப்பாட்டம் ஆடும் மகளுக்கு மாலை வேளைகளில் மொட்டை மாடியில் எதிரணியாக நிற்பது. பதினொரு பேர் அடைக்க வேண்டிய இடத்தை ஒருவனே அடைக்கும் தகுதி எனக்கு உண்டு என்பது வீட்டாரின் ஏகோபித்த கருத்து.

இந்தப் பதவியில் முதலில் தெரிய வேண்டியது மட்டையின் உடலமைப்பு. அதன் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. பந்தைத் தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். உருண்டைப் பக்கம் பட்டால் தப்பாட்டம். என் மச்சினர் இடது கைப் பழக்கமுள்ள தன் பையனுக்கு ‘இடக்கை மட்டை’ ஒன்று பார்க்கச் சொன்னார். அப்படியொரு மட்டை கிடையாது. யாராக இருந்தாலும் இடது கை மேலே, வலது கை கீழே. மாமனார் வீட்டுக்கு ஒரு பதில் சொல்ல முடிந்ததில் எனக்குப் பரம திருப்தி.

“ஏன் ஒரு பக்கம் மட்டும்?” என்று மகளிடம் கேட்டேன். அவள் என்னை உருண்டைப் பக்கத்தால் ஒரு பந்து அடிக்கச் சொன்னாள். நேராகத்தான் அடித்தேன். பந்து மட்டும் பக்கவாட்டில் எகிறி, காயப் போட்டிருந்த வடாமுக்குள் விழுந்தது. வளைந்த பரப்பில் பந்து எங்கே பட்டது என்பதில் நூலளவு மாறினாலும் போகும் திசை வெகுவாக மாறிவிடும். ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து அப்படித் தன்னிஷ்டத்துக்குப் பறந்தால் ஆடுகிறவர்களின் பல்லுக்கு யார் பொறுப்பு?

ஆகவே பந்து இடப்பக்கம் வந்தால் மட்டையைத்தான் புரட்ட வேண்டும். மேலே இருக்கும் இடது கை மணிக்கட்டைத் திருப்ப, வலது கை பிடியைத் தளர்த்திச் சுழல விட, கொக்கி தரையைப் பார்க்கத் தட்டைப் பக்கம் மறுபடி பந்துக்கு நேராக வரும். மகள் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறாள். நான் புரட்டி முடிப்பதற்குள் அவள் கோல் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.

மட்டையின் விளிம்புக்கும் தனிச் சட்டம். அப்படிப் புரட்டிப் பிடித்து விளிம்பால் ஓங்கி அடிக்கலாம். வழக்கமான வலப்பக்க வீச்சில் விளிம்பால் ஓங்கி அடிக்கக் கூடாது, பந்து கட்டுப்படாமல் எகிறும் என்பதால்.

அடுத்தது ‘ஆபத்தான ஆட்டம்’. அடிபட்டால்தான் ஆபத்து என்று என்னைப் போன்ற அப்பாக்கள் நினைப்போம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் நியாயமான காரணத்தோடு விலகித் தப்ப வேண்டி வந்தாலே பந்து ஆபத்தானதுதான்; மேலே படவே வேண்டாம். ஐந்து மீட்டருக்குள் நிற்கும் எதிராளியை நோக்கிப் பந்தைத் தூக்கி விட்டாலும் அதே கதி. இதைக் கேள்விப்பட்டதும் வந்த பந்துக்கெல்லாம் குனிய ஆரம்பித்தேன். “நியாயமா விலகணும்பா. இது வெறும் பயம்” என்று மகள் தீர்ப்பளித்தாள்.

போன மாதம் ஒரு பள்ளி ஆட்டம். தங்கள் கோல் வட்டத்துக்குள் மகள் அவசரத்தில் பந்தை உருண்டைப் பக்கத்தால் தள்ளிவிட்டாள். வட்டத்துக்குள் தடுப்பவர் செய்த தப்பு என்பதால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். பந்து வட்டத்துக்கு வெளியே போய்த் திரும்பி வர, எதிரணிப் பெண் அதைச் சுண்டித் தூக்கினாள். ஓங்கி அடிக்கும் முதல் அடி என்றால், கோல் பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேலே போய்க் கோலுக்குள் நுழையக் கூடாது. சுண்டினால் அந்த வரம்பு இல்லை. அதற்குள் தடுக்க ஓடிப்போன எங்கள் அணிப் பெண்ணின் தொடையில் பந்து பட்டது.

“இன்னொரு கார்னர்!” என்று எதிரணி அப்பா ஒருவர் கத்தினார். நானும் சட்டம் தெரிந்தவன் தோரணையில் எழுந்து நின்றேன். ஐந்து மீட்டருக்குள் ஓடி வரும் தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் அவர் சொன்னதுதான் சரி, மறுபடியும் கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அந்த அடியே ஆபத்து. தடுக்கும் அணிக்கு ஃப்ரீ ஹிட். அந்த உயரமும் இயல்பாக நிற்கும் நிலையை வைத்துத்தான். குனிந்து, மடங்கி லாபம் பார்க்க முடியாது. அம்பயர் ஒரு முன்கையை மார்பின் குறுக்கே சாய்வாக வைத்துக் காட்டினார். எங்களுக்கு ஃப்ரீ ஹிட். என் தலையீடு இல்லாமலே நியாயம் கிடைத்தது.

தான் ஆபத்தாக ஆடுவது மட்டுமல்ல, ஆபத்துக்கு வழிவகுப்பதும் தப்பு. தண்டனையும் அந்த ஆபத்துக்குக் காரணமான செயல் நடந்த இடத்தில்தான். வீட்டில் இதை என் மனைவி ஒருத்திதான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். நேற்று “சாம்பார்ல உப்பு கொஞ்சம்…” என்று தரையோடு தரையாகத்தான் தள்ளினேன். கரண்டி என் தலைக்கு மேலே பறந்தது. நியாயமாகவே குனிந்தேன். ஆனாலும் ஃப்ரீ ஹிட் அவளுக்குத்தான் கிடைத்தது, என் நாற்காலிக்குப் பக்கத்தில்.