பழைய போனுக்குப் பின்வாசல்

கேள்வி: அப்பாவின் ஐபோன் 6-ல் ஒரு பாட்டு ஆப் போட்டால், ஐஓஎஸ் 13 வேண்டும் என்கிறது. சண்முகம் சாலைக் கடைகளில் கேட்டால், "போனை மாத்துங்க சார்" என்கிறார்கள். வேறு வழி?
- ஒரு வாசகர், சேலையூர்

பதில்: கடைக்காரர் போன் விற்பவர், வேறென்ன சொல்வார்? அந்த போன் ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது என்பது மட்டும் உண்மை. ஆனால் ஆப் ஸ்டோருக்கு ஒரு பின்வாசல் உண்டு. அப்பாவின் ஆப்பிள் ஐடியில் அந்த ஆப்பை முன்பே ஒருமுறை வாங்கியிருந்தால், பழைய பதிப்பைத் தரும். இலவச ஆப்பும் அதன் கணக்கில் 'வாங்கியது'தான்.

வாங்கவில்லையா? உங்களிடம் புது ஐபோன் இருந்தால், அதன் Settings-ல் Media & Purchases பகுதியில் மட்டும் அப்பாவின் ஐடிக்கு மாறி, ஆப்பை இறக்குங்கள். ஐகிளவுடைத் தொடாதீர்கள், தொட்டால் குடும்பத்தின் கல்யாண போட்டோக்கள் கதிகலங்கும். பிறகு அப்பா போனில் ஆப் ஸ்டோரைத் திறந்து, மேலே உள்ள வட்டப் படத்தைத் தட்டி, Purchased-க்குள் போய், மேகக் குறியை அழுத்துங்கள். கடைசியாகப் பொருந்திய பதிப்பை இறக்கவா என்று கேட்கும். கேட்கவில்லையென்றால், அந்த நிறுவனம் பழைய பதிப்பை வைத்திருக்கவில்லை என்று பொருள்.

இறங்கினாலும் எல்லாம் ஓடாது. வாட்ஸ்அப் 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1 கேட்கிறது, பழைய பதிப்பை நிறுவினாலும் உள்ளே விடாது. வங்கி ஆப்பைப் பழைய பதிப்பில் போடவே போடாதீர்கள். பாட்டுக்கும் அலாரத்துக்கும் ஐபோன் 6 இன்னும் தாராளம்.